சேதி நின்றால் சக்கரம் நிற்கும்

போனில் முன்னே காட்டும் அம்புக்குறியை அழுத்தினால் ஓட வேண்டும், விரலை எடுத்தால் நிற்க வேண்டும். ப்ளூடூத்தில் ஓடும் சின்ன ரோபோ காரிடம் எல்லோரும் முதலில் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். பாகங்கள் கையில் இருந்தால் ஒரு விடுமுறை நாளில் இது கைகூடியும் விடும். சிக்கல் தெரிவது கார் கூடத்தைத் தாண்டி வாசல் பக்கம் போகும்போது. நடுவில் சுவர் வருகிறது. தொடர்பு அறுகிறது. விரலை எடுத்தாயிற்று. கார் மட்டும் நிற்கவில்லை. எதிலாவது முட்டிக் கவிழும் வரை, அல்லது பேட்டரி தீரும் வரை, அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. காருக்குக் கடைசியாக வந்த கட்டளை ‘முன்னே போ’. அதை மாற்றச் சொல்லி வேறு எதுவும் வந்து சேரவில்லை. ஆகவே சொன்ன சொல் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. ‘நில்’ என்ற சேதி வந்தால்தான் நிற்பது என்று எழுதப்பட்ட கார், அந்தச் சேதி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அதைப் பெற முடியாமல் போகிறது.

இதைச் சரிசெய்ய நான்கைந்து வரி நிரல் போதும். ஆனால் அந்த வரிகளை எங்கே வைப்பது, எத்தனை மில்லிநொடி கொடுப்பது, வைத்த பிறகும் அது எப்படியெல்லாம் பொய்த்துப்போகும் என்பதெல்லாம் காரின் உள்ளே ஒரு கட்டளை நடந்துபோகும் வழி தெரிந்தால்தான் புரியும்.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ கிடைக்கும் வழக்கமான பாகங்களையே எடுத்துக்கொள்வோம். மூளையாக ஆர்டுயினோ ஊனோ. போனின் பேச்சைக் கேட்க HC-05 என்ற ப்ளூடூத் அட்டை. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிட எல்298என் மோட்டார் டிரைவர். மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் பல்சக்கரத்தோடு வரும் இரண்டு மோட்டார்கள், 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள், முன்னால் ஒரு உருளைச் சக்கரம், 18650 வகை லித்தியம் செல் இரண்டு. ஸ்டியரிங் கிடையாது. இடது சக்கரம் நின்று வலது சக்கரம் ஓடினால் கார் இடப்பக்கம் திரும்பும்.

மின்சாரம் கொடுத்ததும் HC-05 அட்டையின் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னும். போனின் ப்ளூடூத் பட்டியலில் அதே பெயர் தெரியும். ரகசிய எண் பெரும்பாலும் 1234. பட்டியலில் ஜோடி சேர்த்துவிட்டால் மட்டும் இணைப்பு வந்துவிடாது. போனில் உள்ள செயலி தானே இணைப்பைத் திறக்க வேண்டும். திறந்ததும் விளக்கின் படபடப்பு அடங்கி, நிதானமாக இரண்டிரண்டு முறை மின்னத் தொடங்கும். எதுவும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த விளக்குதான். இன்னும் படபடக்கிறதென்றால் நிரலில் தேடிப் பயனில்லை.

இணைப்பு வந்தபின் HC-05 செய்யும் வேலை எளியது. போன் அனுப்பும் எழுத்தைக் காற்றிலிருந்து வாங்கி, அப்படியே கம்பி வழியாக ஊனோவிடம் ஒப்படைக்கும். வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் சேரும் அடையாளங்களோடு பத்து பிட் ஆவதால், கம்பியைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. இந்த அட்டையின் கேட்கும் முனை 3.3 வோல்ட்டுக்கானது, ஊனோ அனுப்புவதோ 5 வோல்ட். ஆகவே கார் போனுக்குத் திருப்பிப் பேச வேண்டுமென்றால் நடுவில் 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகள் வைத்து வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும். கார் கேட்டால் மட்டும் போதும் என்றால் அந்தக் கம்பியே வேண்டாம்.

கட்டளைகள் ஓரெழுத்தாக இருப்பது நல்லது. முன்னே போக F, பின்னே வர B, இடம் திரும்ப L, வலம் திரும்ப R, நிற்க S. முழுச் சொற்களாக அனுப்பினால் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கார் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பாதிச் சொல் வந்து மீதி வராமல் போனால் என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். ஓரெழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் வராது.

முதல்முறை செய்பவர்கள் இந்த எழுத்துகளை வைத்து எழுதும் நிரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
if (bt.available() > 0) {
  char c = bt.read();
  if (c == 'F') forward();
  if (c == 'S') halt();
}
```

போனில் பொத்தானை அழுத்தும்போது ஒரே ஒரு F போகிறது, விரலை எடுக்கும்போது ஒரே ஒரு S போகிறது. இரண்டும் போய்ச் சேரும் வரை எந்தக் குறையும் தெரியாது. மேசைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்ப்பவருக்குப் பல நாள் தெரியாமலேயே இருக்கலாம். S தொலைந்த அன்றுதான் கார் ஓடிப்போகும்.

சரி, இணைப்பு அறுந்ததும் HC-05 காரிடம் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். பல HC-05 அட்டைகளில் அதற்கென்றே STATE என்று ஒரு முனை இருக்கிறது. இணைப்பு இருக்கும்போது அதில் வோல்ட்டேஜ் இருக்கும், இல்லாதபோது இருக்காது. அதை ஊனோவோடு இணைத்து, வோல்ட்டேஜ் இறங்கினால் காரை நிறுத்து என்று எழுதிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். போனில் ப்ளூடூத்தை அணைத்துப் பார்த்தால் கார் நிற்கவும் செய்யும். பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது.

போனில் ப்ளூடூத்தை அணைக்கும்போதோ செயலியை முறையாக மூடும்போதோ, போன் ‘நான் கிளம்புகிறேன்’ என்று மறுமுனைக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறது. ஆகவே HC-05க்கு உடனே தெரிந்துவிடுகிறது. கார் எட்டாத தூரத்துக்குப் போகும்போது அப்படிச் சொல்லிக்கொண்டு போக வாய்ப்பில்லை. வெறும் மௌனம்தான். ரேடியோ அலையில் ஒரு கணம் தடை வருவது சாதாரணம் என்பதால், மௌனம் வந்தவுடனே இணைப்பு செத்துவிட்டது என்று ப்ளூடூத் முடிவுகட்டுவதில்லை. காத்திருந்து பார்க்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு, HC-05 பயன்படுத்தும் பழைய வகை ப்ளூடூத்தின் விதிமுறையில் இயல்பாகக் குறித்திருக்கும் அளவு 20 நொடி. சில போன்கள் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் காரைச் செய்பவர் அதை நம்பியிருக்க முடியாது. அந்த 20 நொடியும் STATE முனையில் வோல்ட்டேஜ் இருக்கும், விளக்கு நிதானமாக மின்னும், காரோ ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்குள் எவ்வளவு தூரம் போகும்? இந்த மஞ்சள் மோட்டார்கள் 6 வோல்ட்டில், சுமை இல்லாமல், நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். 65 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் போகும். சுமையையும் தரையின் உராய்வையும் கழித்து நொடிக்கு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 நொடிக்கு 10 மீட்டர். கூடம், வாசல், படி, தெரு எல்லாம் அந்தப் பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு குணமும் ப்ளூடூத்துக்கு உண்டு. ஒரு சேதி போய்ச் சேரவில்லை என்றால் அதை விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். கோப்பு அனுப்பும்போது இது வரம். காரை ஓட்டும்போது அப்படியில்லை. தடை விலகியதும், தேங்கி நின்ற பழைய கட்டளைகள் கும்பலாக வந்து இறங்கும். ஒரு நொடிக்கு முன் சொன்ன ‘முன்னே போ’ இப்போது வந்து சேர்ந்தால், அது ஓட்டுபவரின் இப்போதைய விருப்பம் ஆகாது.

ஆக, இணைப்பு இருக்கிறதா என்ற கேள்வியையே கார் கேட்க வேண்டாம். ஓட்டுபவர் இந்தக் கணத்தில் ‘ஓடு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று மட்டும் கேட்டால் போதும். F என்ற எழுத்து, நிற்கச் சொல்லும் வரை செல்லும் ஆணையாக இருப்பதற்குப் பதிலாக, சில நூறு மில்லிநொடிக்கு மட்டும் செல்லுபடியாகும் அனுமதியாக மாறுகிறது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அனுமதி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் ரயில் எஞ்சின்களிலும் இதே எண்ணம் வேலை செய்கிறது. ஓட்டுநர் குறித்த நேரத்துக்குள் எந்தக் கருவியையும் தொடவில்லை என்றால், எச்சரிக்கை தந்துவிட்டுத் தானாகப் பிரேக் போடும் கண்காணிப்புக் கருவி அங்கே உண்டு.

இதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. முதலில் போன். ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டம் கட்டமாகக் கோத்து உருவாக்க உதவும் எம்ஐடி ஆப் இன்வென்டரில் இதைச் செய்வது சுலபம். cmd என்று ஒரு மாறி, தொடக்கத்தில் அதன் மதிப்பு S. அம்புக்குறிப் பொத்தானின் TouchDown நிகழ்வில் அதை F ஆக்க வேண்டும், TouchUp நிகழ்வில் மறுபடி S ஆக்க வேண்டும். பொத்தான் எதையும் நேரடியாக அனுப்பாது. அனுப்பும் பொறுப்பு Clock என்ற கடிகாரத்துடையது. அதன் TimerInterval இயல்பாக 1000 மில்லிநொடி இருக்கும், அதை 100 ஆக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, cmd மாறியில் உள்ள எழுத்தை SendText கட்டத்தால் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். விரல் பொத்தானில் இருக்கும் வரை நொடிக்குப் பத்து F, எடுத்தபின் நொடிக்குப் பத்து S.

கார் பக்கம் இப்படி:

```
const unsigned long LIMIT = 400;
unsigned long lastCmd = 0;

void loop() {
  while (bt.available() > 0) {
    char c = bt.read();
    if (c == 'F' || c == 'B' || c == 'L' ||
        c == 'R' || c == 'S') {
      drive(c);
      lastCmd = millis();
    }
  }
  if (millis() - lastCmd > LIMIT) drive('S');
}
```

millis() என்பது ஊனோ உயிர்பெற்றதிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும் கடிகாரம். சரியான எழுத்து ஒன்று வரும்போதெல்லாம் அந்த நேரத்தை lastCmd குறித்துக்கொள்கிறது. சுழற்சியின் கடைசி வரி, எதுவும் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஓடும். கடைசிக் கட்டளை வந்து 400 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் நில். அந்த வரி while அடைப்புக்கு வெளியே இருப்பதுதான் முக்கியம். உள்ளே போட்டுவிட்டால், சேதி வரும்போது மட்டுமே சேதி வரவில்லையா என்று சோதிக்கும் வேடிக்கையாகிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தெரியும், காரோ பழையபடி ஓடிப்போகும்.

if இருக்க வேண்டிய இடத்தில் while இருப்பதற்கும் காரணம் உண்டு. தேங்கிய எழுத்துகள் கும்பலாக வந்தால், அத்தனையையும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடும். நடுவில் வந்த பழையவை கண்ணிமைக்கும் நேரம்கூடத் தங்காது, கடைசியாக வந்ததே நிற்கும்.

drive('S') என்பதற்குள் என்ன எழுதுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எல்298என் டிரைவரில் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் அனுமதி முனையும் இரண்டு திசை முனைகளும் இருக்கின்றன. அனுமதி முனையை அணைத்தால் மோட்டார் தன் போக்கில் சுழன்று ஓயும். அனுமதி முனையைத் திறந்தே வைத்து, இரண்டு திசை முனைகளையும் அணைத்தால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, மோட்டாரே பிரேக்காக மாறும். நின்றே ஆக வேண்டிய காருக்கு இரண்டாவது வழி ஏற்றது.

400 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு பக்கம் தூரம் இழுக்கிறது, மறு பக்கம் ஓட்டத்தின் சுகம் இழுக்கிறது. நொடிக்கு 50 சென்டிமீட்டர் போகும் கார் 400 மில்லிநொடியில் 20 சென்டிமீட்டர் போகும், பிரேக்கின் தூரம் அதற்கு மேல் கொஞ்சம். ஓர் அடிக்குள் நின்றுவிடும். கெடுவை 150 ஆகக் குறைத்தால் ஏழெட்டு சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுமே என்று தோன்றலாம். ஆனால் போனின் கடிகாரம் துல்லியமாக 100 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிப்பதில்லை. போன் வேறு வேலையில் இருந்தால் ஒரு துடிப்பு பிந்தும், காற்றில் ஒரு சேதி தடைபட்டு மறுபடி போகும். 150 வைத்தால் ஒரே ஒரு சேதி பிந்தினாலும் கார் நின்று, அடுத்த கணம் கிளம்பும். வெட்டி வெட்டி ஓடும். அனுப்பும் இடைவெளியைப் போல மூன்று நான்கு மடங்கு கெடு வைத்தால், ஓரிரு சேதி பிந்தினாலும் ஓட்டம் கெடாது. கார் வெட்டி ஓடினால் கெடுவைக் கூட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: TimerInterval 1000 ஆகவே விடப்பட்டிருக்கிறதா? அப்படியானால் கார் நொடிக்கு ஒருமுறை துள்ளி நிற்கும்.

தொழில்முறை ரோபோக்களிலும் இதே அளவிலான எண்கள்தான் புழங்குகின்றன. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ராஸ் என்ற ரோபோ மென்பொருளில், இருசக்கர ரோபோவை ஓட்டும் பகுதிக்கு cmd_vel_timeout என்று ஓர் அமைப்பு உண்டு. அதன் இயல்பான மதிப்பு அரை நொடி. பள்ளி மாணவர்கள் பெரிய ரோபோக்களோடு மோதும் ஃபர்ஸ்ட் போட்டியில் பயன்படும் மென்பொருளில், மோட்டார் பாதுகாப்புக்கான இயல்பான கெடு 0.1 நொடி. அங்கே அந்தக் கெடுவைப் புதுப்பிப்பது ரோபோவுக்குள்ளேயே ஓடும் நிரல் என்பதால் அவ்வளவு இறுக்கமாக வைக்க முடிகிறது. காற்றின் தாமதம் அதில் சேராது.

வரிகளை எழுதியாயிற்று. இனி, அவை இருந்தும் கார் நிற்காமல் போகும் சந்தர்ப்பங்கள். இந்தப் பகுதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

முதல் குற்றவாளி delay(). முன்விளக்கு மின்னட்டும் என்று ஆசைப்பட்டு, நிரலில் delay(500) என்று இரண்டு இடத்தில் போட்டால் அந்த ஒரு நொடி முழுவதும் ஊனோ எதையும் பார்க்காது, கெடு தாண்டியதா என்பதையும் பார்க்காது. 400 மில்லிநொடி என்று எழுதியிருப்போம், கார் இரண்டு நொடி வரை ஓடக்கூடும். இதன் மாறுவேடம் ஒன்றும் உண்டு. கட்டளையைப் படிக்க bt.readString() பயன்படுத்தினால், மேலும் எழுத்து வருகிறதா என்று அது இயல்பாக ஒரு நொடி காத்திருக்கும். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை எழுத்து வந்துகொண்டே இருந்தால் அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது, அழுத்திய பொத்தானுக்கு காரில் அசைவே இருக்காது. இவற்றைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி, நிரலில் delay, readString, pulseIn என்ற பெயர்களைத் தேடுவது. மீயொலி உணரியோடு தூரம் அளக்கப் பயன்படும் pulseIn எதிரொலி வராவிட்டால் ஒரு நொடி வரை காத்திருக்கும் பழக்கமுள்ளது. அதற்கும் குறுகிய கெடு ஒன்றைக் கொடுத்துவைக்க வேண்டும்.

அடுத்தது, தகுதியில்லாத எழுத்துகள். சில செயலிகள் F என்று அனுப்பும்போது அதன் பின்னால் வரி முடிந்ததைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் சேர்த்து அனுப்பும். எந்த எழுத்து வந்தாலும் lastCmd புதுப்பிக்கப்படும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால், அர்த்தமற்ற எழுத்துகளும் காரின் அனுமதியை நீட்டிக்கும். ஐந்து எழுத்துகளில் ஒன்றாக இருந்தால் மட்டுமே நேரம் குறிக்கப்பட வேண்டும் என்று மேலே அந்த நீண்ட if வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது நுட்பமானது, காரில் இல்லை, போனில் இருக்கிறது. கெடு என்பது மௌனத்துக்கு எதிரான காவல். பேச்சு நிற்காமல், ஆனால் தவறாக, வந்துகொண்டிருந்தால் அதற்குத் தெரியாது. ஆப் இன்வென்டரின் Clock கட்டத்தில் TimerAlwaysFires என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது இயங்கும் நிலையில் இருக்கும். செயலி திரையில் இல்லாதபோதும் கடிகாரம் துடிக்கும் என்று அர்த்தம். கார் ஓடும்போது ஓர் அழைப்பு வந்து திரையை மறைத்து, cmd மாறியில் F அப்படியே தங்கிவிட்டதானால், யாரும் பொத்தானைத் தொடாதபோதும் நொடிக்குப் பத்து F போய்க்கொண்டிருக்கும். காரும் கெடுவுக்குள் சேதி வந்துவிட்டது என்று நம்பி ஓடும். அந்த அமைப்பை அணைத்துவிட்டால், செயலி திரையிலிருந்து மறைந்ததும் கடிகாரம் ஓயும், மௌனம் வரும், கெடு தன் வேலையைச் செய்யும். எத்தனையோ வழிகாட்டிகள் காரின் நிரலோடு நின்றுவிடுகின்றன. பாதுகாப்பில் பாதி போனுக்குள் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

நான்காவது, ஊனோவே உறைந்துபோவது. தவறான நினைவக எழுத்தோ மின்சாரத்தில் வந்த குலுக்கலோ நிரலை ஏதோ ஓரிடத்தில் சிக்கவைத்துவிட்டால், கெடுவைச் சோதிக்கும் வரிக்கு ஓட்டம் வரவே வராது. வேகத்தைக் கட்டுப்படுத்த analogWrite பயன்படுத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தத் துடிப்பை உருவாக்குவது சிப்புக்குள் தனியாக இருக்கும் டைமர் வன்பொருள். நிரல் செத்தாலும் அது துடித்துக்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு ஊனோவின் சிப்பிலேயே மருந்து இருக்கிறது. வாட்ச்டாக் என்ற காவல் டைமர், குறித்த நேரத்துக்குள் நிரல் தன்னைத் தட்டிக்கொடுக்கவில்லை என்றால் சிப்பையே மறுதொடக்கம் செய்துவிடும். தொடங்கும்போது முனைகள் எல்லாம் அணைந்த நிலைக்கு வரும்.

```
#include <avr/wdt.h>
// setup(): wdt_enable(WDTO_1S);
// loop():  wdt_reset();
```

பழைய பூட்லோடர் உள்ள சில நானோ அட்டைகளில் இதைப் போட்டால், மறுதொடக்கத்துக்கு மேல் மறுதொடக்கமாக அட்டை சிக்கிக்கொள்ளும். ஊனோவில் அந்தத் தொல்லை இல்லை.

மறுதொடக்கம் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. கார் கிளம்பும் கணத்திலேயே நின்று, HC-05 விளக்கு மறுபடி படபடக்கத் தொடங்கினால் கெடுவைக் குறை சொல்ல வேண்டாம். மோட்டார் நிலையிலிருந்து கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். பேட்டரி சோர்ந்திருந்தால் வோல்ட்டேஜ் சரிந்து ஊனோவும் ப்ளூடூத் அட்டையும் அணைந்து எரியும். கெடுவால் நின்ற காரில் விளக்கு நிதானமாகவே மின்னும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு வித்தியாசம் போதும். சின்ன 9 வோல்ட் சதுர பேட்டரியில் காரை ஓட்டப் பார்ப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். அந்த பேட்டரியால் இரண்டு மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தர முடியாது.

சோதிக்கும்போது காரைத் தரையில் விடாமல், ஒரு புத்தக அடுக்கின் மேல் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும்படி வைத்துத் தொடங்குவது நல்லது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஒவ்வொரு விபத்தாக வரவழைத்துப் பார்க்க வேண்டும். போனில் ப்ளூடூத்தை அணைப்பது எல்லோரும் செய்வது. செயலியைச் சுண்டி மூடிப் பார்க்கலாம். முகப்புத் திரைக்குப் போய்ப் பார்க்கலாம். வேறு போனிலிருந்து அழைத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் சக்கரங்கள் அரை நொடிக்குள் ஓய வேண்டும்.

இவற்றையெல்லாம்விடத் தெளிவான சோதனை ஒன்று இருக்கிறது. செயலியில் ஒரு தேர்வுப் பெட்டியைச் சேர்த்து, அதைத் தொட்டால் கடிகாரம் மட்டும் நிற்கும்படி செய்துவிட வேண்டும். Clock கட்டத்தின் TimerEnabled மதிப்பைப் பொய்யாக்கினால் போதும். இப்போது இணைப்பு உயிரோடு இருக்கிறது, விளக்கு நிதானமாக மின்னுகிறது, STATE முனையில் வோல்ட்டேஜ் இருக்கிறது, சேதி மட்டும் வரவில்லை. கார் எட்டாத தூரத்துக்குப் போன அந்த முதல் நொடிகளும் காருக்கு இப்படித்தான் தெரியும். STATE முனையை மட்டும் நம்பிய கார் இந்தச் சோதனையில் ஓடிக்கொண்டே இருக்கும். கெடு வைத்த கார் நிற்கும். அதன்பின் தரையில் ஒரு டேப் ஒட்டி, கார் அதைத் தாண்டும்போது பெட்டியைத் தொட்டு, எங்கே நிற்கிறது என்று அளவுகோலால் அளந்தால் கணக்கில் வந்த ஓரடி சரிதானா என்று தெரிந்துவிடும். இரண்டு மடங்கு வந்தால் நிரலில் எங்கோ ஒரு delay() ஒளிந்திருக்கிறது.

கெடு பார்க்காதவையும் உண்டு. இரண்டடி தூரத்தில் மாடிப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விரல் பொத்தானில் இருக்கும் வரை காரை அது தடுக்காது. படிக்கும் மேசை விளிம்புக்கும் தரையைப் பார்க்கும் உணரிகள் தனியாக வேண்டும், அவை சொல்வது F-ஐவிட மேலான வார்த்தையாக இருக்கும்படி நிரலில் வைக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு HC-05 உதவாது. அந்தப் பழைய வகைத் தொடர் இணைப்பை ஆப்பிள் தன் அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்கு மட்டுமே திறந்துவிடுகிறது. அவர்கள் எச்எம்-10 போன்ற குறைசக்தி ப்ளூடூத் அட்டைக்கோ ஈஎஸ்பி32 அட்டைக்கோ போக வேண்டியிருக்கும். ஈஎஸ்பி32-இல் இணைப்பு அறுந்தால் தானாக ஓடும் நிரல் பகுதியை எழுதலாம், அதற்குள் மோட்டாரை நிறுத்தும் வரியைப் போடலாம். குறைசக்தி ப்ளூடூத்திலும் இணைப்பு செத்ததா என்று காத்திருக்கும் கெடு உண்டு. அது 100 மில்லிநொடியிலிருந்து 32 நொடி வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே அங்கேயும் millis() வைத்து எழுதிய அந்தக் கடைசி வரியை எடுத்துவிடாமல் அப்படியே கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. மாறுவது முனைகளின் எண்களும், bt என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் நூலகமும் மட்டுமே.